தோற்பதற்கு ஓர் இடம்

அகிரா டோரியாமாவின் ‘டிராகன் பால்’ கதையில் சண்டைக்கலை கற்க வந்த இரு சிறுவர்களுக்குக் கிழவர் ரோஷி கொடுக்கும் அன்றாடப் பயிற்சியின் முதல் வேலை, விடியும் முன் வீடு வீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுப்பது. மலைப்பாதையில் வண்டி கிடையாது, கால்நடைதான். பால் வேலை முடிந்ததும் வயலை வெறுங்கையால் உழவேண்டும். பிறகு புத்தகப் பாடம், மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம். மாலையில் சுறா உள்ள ஏரியில் நீச்சல், மரத்தோடு கட்டப்பட்ட நிலையில் குளவிகளின் கொடுக்குக்குத் தப்புதல். இத்தனையும் முதுகில் 20 கிலோ ஆமையோட்டைச் சுமந்துகொண்டு செய்யவேண்டும். சில மாதங்களில் அது 40 கிலோ ஆகிறது. எட்டு மாத முடிவில் கோக்குவும் கிரில்லினும் ஒரு குத்தையோ உதையையோ அவரிடம் முறையாகக் கற்றிருக்கவில்லை. ஓட்டைக் கழற்றிவிட்டு எம்பிக் குதிக்கச் சொல்கிறார். குதிக்கிறார்கள். அவ்வளவு உயரம் போவோம் என்று அவர்களே எதிர்பார்த்திருக்கவில்லை.

நீண்ட அனிமே தொடர்களில் ‘டிரெய்னிங் ஆர்க்’, ‘டோர்னமென்ட் ஆர்க்’ என்று ரசிகர்கள் சொல்லும் இரண்டு பகுதிகளைத் தமிழில் பயிற்சிப் படலம், போட்டிப் படலம் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். காண்டத்துக்குள் படலம் என்ற பகுப்புக்குப் பழகிய மொழி இது. இவ்விரண்டையும் பார்வையாளர்கள் விடிய விடிய பார்ப்பதும், மறுநாள் அவற்றையே கேலிச் சித்திரமாக்கிப் பகிர்வதும் முரண்பாடாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால், விருப்பமும் கேலியும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. அந்த இடம் எது என்பதை ‘டிராகன் பால்’ ஒன்றை மட்டும் கொண்டே கண்டுகொள்ளலாம். இவ்வகைக் கதைகளுக்கு இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் அதன் பிறப்பு. ‘டிராகன் பால்’ மாங்காவாக 1984இன் இறுதியில் ‘வாராந்திர ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடங்கியது. அந்த இதழில் ஒவ்வொரு வாரமும் வாசகருக்கு ஓர் அஞ்சலட்டை உண்டு. தமக்குப் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்பவேண்டும். அந்த வரிசையில் கீழே தங்கிவிட்ட கதை சில மாதங்களில் முடித்துவைக்கப்படும். ஏழு மந்திர உருண்டைகளைத் தேடிச்செல்லும் பயணக் கதையாகத்தான் ‘டிராகன் பால்’ புறப்பட்டது. முதல் தேடல் முடிந்த கட்டத்தில் அதன் இடம் சரிந்தது. நாயகன் சாதாரணமாக இருக்கிறான், அதனால்தான் வாசகரைக் கவரவில்லை என்பது பதிப்பாசிரியர் கஸுஹிகோ டோரிஷிமாவின் கணிப்பு. டோரியாமா மற்ற பாத்திரங்களை ஓரங்கட்டி, வலிமை பெறவேண்டும் என்ற ஒற்றை ஆசையை நாயகனிடம் வைத்து, உடன் பயில ஒரு போட்டியாளனாகக் கிரில்லினைக் கொண்டுவந்து, பயிற்சியையும் அதன் முடிவில் ‘தென்காய்ச்சி புதோகாய்’ என்ற சண்டைப் போட்டியையும் வைத்தார். கதை எழுந்து நின்றது.

ஆகவே பயிற்சியும் போட்டியும் வணிகத்தின் கட்டாயத்தில் பிறந்தவை. இதைச் சொல்லிவிட்டு வாதத்தை முடித்துக்கொள்வோர் உண்டு. ஆனால் கட்டாயத்தில் பிறந்த வடிவம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

பயிற்சிப் படலத்தின் வேலை, பாத்திரத்திடம் உள்ள ஓர் அளவை அவனுக்கே தெரியாமல் மறைப்பது. பால் சுமந்தவனுக்குத் தான் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று தெரியாது. அளந்து பார்க்க ஆளில்லை. போட்டியின் தகுதிச்சுற்றில் தன்னைவிடப் பலமடங்கு பருத்த ஒருவனை கோக்கு மெல்லத் தள்ளுகிறான். அவன் மேடையை விட்டே பறந்துபோகிறான். கோக்குவின் முகத்தில் தெரியும் திகைப்புதான் அந்தக் காட்சியின் உயிர். வாசகரும் அந்த வாரங்களை அவனோடு கழித்தவர். பால் சுமந்த பக்கங்களைச் சலிப்போடு புரட்டியவருக்கும் இப்போது அந்தச் சலிப்புக்கு வட்டியோடு முதல் திரும்பக் கிடைக்கிறது. நாவலிலோ இரண்டரை மணி நேரத் திரைப்படத்திலோ இதே அளவில் இதைச் செய்வது கடினம். அங்கே பயிற்சி ஒரு பாடலுக்குள் முடிந்துவிடும். வாராந்திரத் தொடரில் பாத்திரத்தின் காலமும் பார்ப்பவரின் காலமும் ஓரளவு சேர்ந்தே நகர்கின்றன.

இனி போட்டி. 21ஆம் தென்காய்ச்சி புதோகாயில் தகுதிச்சுற்றைத் தாண்டி வருபவர் எட்டுப் பேர். ஆகவே ஏழு ஆட்டங்கள். மேடையை விட்டு வெளியே விழுந்தால் தோல்வி. பத்து எண்ணும்வரை எழாவிட்டால் தோல்வி. ‘தோற்றேன்’ என்று வாயால் சொன்னாலும் தோல்வி. ஆயுதம் கூடாது, எதிராளியைக் கொன்றால் கொன்றவனே தகுதி இழப்பான். இந்தக் கடைசி விதியைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். சண்டைக் கதைகளில் தோல்வி என்றால் பெரும்பாலும் சாவு; நாயகன் சாகக்கூடாது என்பதால் அவன் தோற்கவும் கூடாது. போட்டி இந்த முடிச்சை அவிழ்க்கிறது. உயிரோடு, மானத்தோடு, நாளைக்கும் இருப்பவனாகத் தோற்பதற்கு அது ஓர் இடம் செய்து தருகிறது.

அந்த இடத்தில் என்னவெல்லாம் நடக்க முடியும் என்பதற்கு அரையிறுதியில் கோக்குவை எதிர்கொள்ளும் நாமுவைப் பார்க்கலாம். தலைப்பாகையும் துறவித் தோற்றமுமாக இந்தியச் சாயலில் வரையப்பட்டவன். பெயரும் ஜப்பானியப் பௌத்த வழிபாட்டில் ‘நம’ என்ற நம் ஊர்ச் சொல் பெற்ற வடிவத்தை நினைவூட்டுவது. வறட்சியில் வாடும் தன் ஊருக்குத் தண்ணீர் வாங்க அவனுக்குப் பரிசுப்பணம் ஐந்து லட்சம் ஸெனி வேண்டும். போட்டியில் எல்லோரையும்விட வெற்றி தேவைப்படுபவன் அவன்தான். கோக்குவுக்கோ தன் வலிமையைச் சோதிப்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. நாமு மேடையை விட்டு விழுந்து தோற்கிறான். பிறகு, இந்த ஊரில் தண்ணீர் விலைக்கு அல்ல, கிணற்றில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. கொண்டுபோக வழியும் செய்யப்படுகிறது. நகைச்சுவையாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. ஆயினும் தேவை அதிகமுள்ளவன் வெல்வான் என்ற கதைமரபின் நியாயத்தை அந்தக் காட்சி பேச்சில்லாமல் ஒதுக்கிவிடுகிறது.

அவனுக்கு அதைச் சொல்பவர் ஜாக்கி சுன் என்ற கிழவர். பொய்முடி வைத்துக்கொண்டு வந்த ரோஷியேதான் அவர். முதல் போட்டியிலேயே வென்றுவிட்டால் சீடர்கள் இனிக் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, அவர்களைத் தோற்கடிக்கவே மாறுவேடத்தில் வந்திருக்கிறார். இறுதி ஆட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் உதைக்கிறார்கள், ஒரே நேரத்தில் விழுகிறார்கள். யார் முதலில் எழுந்து, சிரித்தபடி தன்னை வெற்றியாளன் என்று அறிவிக்கிறாரோ அவருக்கே பட்டம் என்கிறார் நடுவர். கிழவர் எழுந்துவிடுகிறார். எட்டு மாதப் பயிற்சியின் பயன் ஒரு தோல்வி. மூன்று ஆண்டுகள் கழித்து 22ஆம் போட்டியில் கோக்கு மறுபடியும் இறுதிக்கு வருகிறான். மேடையே அழிந்துபோன நிலையில் வானிலிருந்து விழும்போது கீழே போன ஒரு வண்டியில் மோதி, தியனைவிடக் கணநேரம் முன்னதாகத் தரையைத் தொட்டுத் தோற்கிறான். 23இல்தான் வெற்றி. மூன்றில் இரண்டு தோல்வி என்ற இந்தக் கணக்கைக் கொண்டே இந்தக் கதையின் முதற்பாதியை மதிப்பிடலாம்.

இனிக் கேலியின் பக்கம். போட்டிப் படலத்தைக் கிண்டலடிப்பவர் முதலில் எடுப்பது யம்ச்சாவை. மூன்று போட்டிகளிலும் எட்டுப் பேரில் ஒருவனாக நுழைகிறான்; மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறுகிறான். முதலில் மாறுவேடக் கிழவரிடம். அடுத்து தியனிடம், காலும் முறிந்து. மூன்றாவதாகப் பார்ப்பதற்கு அப்பாவியான ஓர் ஆளிடம், அந்த உடலுக்குள் கடவுளே இருக்கிறார் என்பது தெரியாமல். எட்டுப் பேர் அட்டவணையில் நால்வர் முதற்சுற்றில் போயாக வேண்டும். புதிதாக வந்த ஒருவன் எவ்வளவு வலியவன் என்பதைக் காட்ட, நாம் ஏற்கெனவே மதிக்கும் ஒருவன் அவனிடம் அடிபட வேண்டும். யம்ச்சா ஓர் அளவுகோல். அவனை நோகடித்துத்தான் அடுத்தவனை அளக்க முடிகிறது. ரசிகர்கள் அவனைக் கேலி செய்யும்போது உண்மையில் அட்டவணையின் கணக்கைத்தான் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

படைப்பு இதை அறியாமல் இல்லை. 22ஆம் போட்டியில் யார் யாரோடு மோதுவது என்ற குலுக்கலைச் சியாவோட்ஸு தன் மனோசக்தியால் மாற்றிவிடுகிறான்; யம்ச்சா தியனிடம் சிக்குவதே அப்படித்தான். எந்தப் போட்டிக் கதையிலும் குலுக்கலை மாற்றிவைப்பவர் ஆசிரியர்தான். டோரியாமா அந்த வேலையை ஒரு பாத்திரத்திடம் ஒப்படைத்துச் சிரித்துக்கொள்கிறார். வாசகரின் கேலிக்குப் பல ஆண்டுகள் முன்பே படைப்பு தன்னைக் கேலி செய்துவிட்டது.

கேலியின் இன்னொரு பெரிய பங்கு நேரத்தைப் பற்றியது, அதற்கு அனிமேயின் தயாரிப்பு முறையே காரணம். ‘டிராகன் பால் ஸீ’ 1989 முதல் 1996 வரை 291 பகுதிகளாக வாராவாரம் ஒளிபரப்பானது. அதே காலத்தில் மாங்காவும் வாரம் பதினைந்து பக்கம் அளவில்தான் வந்துகொண்டிருந்தது. சில விநாடிகளில் கடந்துவிடும் ஒரு கட்டத்தைத் தோயி நிறுவனம் அரைமணி நேர ஒளிபரப்பாக்க வேண்டும். மூலக் கதையை முந்திவிடவும் கூடாது. விளைவு: முறைத்துப் பார்த்தல், காற்றில் பறக்கும் தூசி, பக்கத்தில் நிற்பவர்களின் வியப்பு முகங்கள், சென்ற வாரக் காட்சியின் மீள்பார்வை. நமேக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று பிரீஸா அறிவித்த பின், ஏறக்குறையப் பத்துப் பகுதிகள் ஓடுகின்றன. இந்த ‘ஐந்து நிமிடம்’ உலகெங்கும் பழமொழியாகிவிட்டது. பள்ளி விட்டு வந்து கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்த இந்தியப் பிள்ளைகளும் அதைச் சொல்லியே வளர்ந்தார்கள். 2009இல் வந்த ‘டிராகன் பால் காய்’, பழைய படங்களையே வெட்டித் தொகுத்து அதே கதையை ஏறக்குறையப் பாதிப் பகுதிகளில் சொன்னது. திணிப்பு எவ்வளவு என்பதற்கு அதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வெட்டிச் சுருக்கிய பிறகு எல்லோருக்கும் நிம்மதி கிடைத்திருக்க வேண்டும். பலருக்குக் கிடைத்தது, சிலர் பழையதையே திரும்பத் தேடினார்கள். காரணம் ஏக்கம் மட்டுமல்ல. கோக்குவும் பிக்கோலோவும் செயற்கை மனிதர்களின் வருகைக்காக மூன்று ஆண்டுகள் பயிற்சி செய்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுப் பயிற்சியைக் கதை ஏறத்தாழத் தாவிவிடுகிறது; ஆனால் அதற்கு நடுவே, மனைவியின் வற்புறுத்தலால் கோக்குவும், அவனோடு பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு முழுப் பகுதியை அனிமே சேர்த்திருக்கிறது. கோள்களை உடைக்கும் இருவர் ஓட்டுநர் உரிமத் தேர்வில் திணறுகிறார்கள். நேரம் நிரப்ப வைத்ததுதான். ஆனால் பால் ஊற்றிய சிறுவர்களின் படலத்துக்கு மிக நெருங்கிய உறவு அந்தப் பகுதிதான். வலிமை பெறும் நாள்களுக்கு நடுவே ஓர் அன்றாடம் இருந்தது என்று அது மட்டுமே நினைவூட்டுகிறது.

இங்கேதான் விருப்பமும் கேலியும் சந்திக்கின்றன. ஆமையோட்டுக்கு எடை உண்டு. 20 கிலோ எவ்வளவு என்று எவருக்கும் தெரியும். பிற்காலத்தில் பூமியைப்போல் நூறு மடங்கு ஈர்ப்புவிசை கொண்ட விண்கலம் வருகிறது. அதை எந்த உடலும் கற்பனை செய்ய முடியாது. எதிராளியின் வலிமையை எண்ணாகக் காட்டும் கருவி வருகிறது. எண்கள் ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு ஏறியதும், நகைச்சுவைக்கு வேறு பொருள் தேவையில்லாமல் போனது. (ஆங்கில உலகில் பெயர்பெற்ற ‘ஒன்பதாயிரத்துக்கு மேல்’ என்ற கிண்டல், ஜப்பானிய மூலத்தில் எட்டாயிரம்தான், மொழிமாற்றத்தில் ஆயிரம் கூடியது. எந்த வேறுபாடும் ஏற்படவில்லை என்பதே அந்த எண்களைப் பற்றிய விமர்சனம்.) அதன்பின் வெளியே ஒருநாள் கழிவதற்குள் உள்ளே ஓராண்டு கழியும் அறை வருகிறது. பயிற்சிக்குக் காலம் வேண்டும் என்ற நிபந்தனையையே கதை வாங்கிக் கழித்துவிட்டது. இதற்கிணையாக, 22ஆம் போட்டி முடிந்த கையோடு கிரில்லின் கொல்லப்படுகிறான். மரணம் நுழைந்ததும் தோற்பதற்கான பாதுகாப்பான இடம் சுருங்கத் தொடங்குகிறது. மந்திர உருண்டைகளால் இறந்தவர் திரும்புவதால் சாவும் மெல்ல மெல்ல எடையிழக்கிறது. காலத்துக்கும் தோல்விக்கும் மதிப்பிருந்தவரை பார்வையாளர் அந்தப் படலங்களை நேசித்தார். அந்த மதிப்பு கரைந்தபோதெல்லாம் சிரித்தார். நேசித்தவர்களால்தான் அந்த வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாகக் கேலி செய்ய முடிகிறது.

இருந்தும் ‘செல் போட்டி’ என்ற பகுதியில் டோரியாமா பழைய விதிகளை எடுத்துப் பார்க்கிறார். செல் என்ற கொடியவன் தானே மேடை கட்டி, தானே தொலைக்காட்சியில் அறிவித்து நடத்தும் போட்டி அது. அட்டவணை இல்லை, ஒருவனுக்கு எதிராக எல்லோரும். கோக்குவும் மகன் கோஹானும் அந்தக் கால அறையில் பயின்று வெளியே வந்தபின், மீதி நாள்களில் பெரும்பாலும் ஓய்வெடுக்கிறார்கள். பொன்னிற முடியோடு கூடிய உச்சநிலையிலேயே சாப்பிடுகிறார்கள், உறங்குகிறார்கள். அந்த நிலை உடம்புக்கு இயல்பாகவேண்டும் என்பது கோக்குவின் கணக்கு. பயிற்சியை அன்றாடமாக்கிய கிழவரின் பாடம், ஓடு இல்லாமல் திரும்ப வந்திருக்கிறது.

பிறகு மேடையில், சண்டையின் நடுவில், கோக்கு ‘தோற்றேன்’ என்கிறான். உலகமே அழியப்போகும் நேரத்தில், விளையாட்டு விதியின்படி கைவிடுகிறான். சூழ நின்றவர்களுக்குப் புரியவில்லை. முதன்முறை பார்ப்பவருக்கும் புரிவதில்லை. தன் இடத்தில் மகனை அனுப்புகிறான், களைத்த எதிராளிக்குத் தெம்பூட்டும் அவரைவிதையும் கொடுக்கிறான். மகனிடம் உள்ள வலிமையை அவன் சரியாக அளந்திருக்கிறான். ஆனால் கோஹான் சண்டையை விரும்பாதவன். அதை எடுத்துச் சொல்பவன் பிக்கோலோ: அந்தச் சிறுவன் இப்போது செல்லோடு மோதுவதைப் பற்றியல்ல, தன் தந்தை ஏன் தன்னைக் காக்க வரவில்லை என்பதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பான் என்று கோக்குவைக் கடிந்துகொள்கிறான். கோக்குவின் முகம் மாறுகிறது. எத்தனையோ ஆண்டு கழித்து, கதை தன் அடிப்படை நம்பிக்கையைத் தானே கேள்விக்குட்படுத்தும் கணம் அது. பயிற்சி உடம்புக்கு வலிமையைக் கொடுக்கும். அதைப் பயன்படுத்தும் விருப்பத்தைக் கொடுக்காது. கோக்குவுக்கு இவை இரண்டும் ஒன்றாகவே இருந்ததால், மகனிடம் இவை வெவ்வேறாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பயிற்சிப் படலங்களை வெறும் உழைப்புப் பரப்புரை என்று தள்ளும் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் இந்தக் காட்சியைத் தொடுவதில்லை.

இதே இதழில் எழுதிய யோஷிஹிரோ தொகாஷி இந்தச் சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகினார். அவருடைய ‘ஹன்ட்டர் x ஹன்ட்டர்’ கதையின் தேர்வு இறுதிச்சுற்றில் வென்றவர் உடனே தேறி வெளியேறிவிடுவார். தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நகர்வார். கடைசியில் மிஞ்சும் ஒரே ஒருவர் தேர்வில் தவறுவார். எதிராளி ‘தோற்றேன்’ என்று சொன்னால்தான் வெற்றி. தன்னைவிட வலிய ஹன்ஸோவிடம் கை முறியும்வரை அடிபட்டும் கொன் என்ற சிறுவன் அந்தச் சொல்லைச் சொல்ல மறுக்கிறான். அலுத்துப்போன ஹன்ஸோதான் கைவிடுகிறான். அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பியும் அதன் விசை குறையவில்லை. தோல்வியை எப்படி ஏற்பது, யார் ஏற்பது என்பதுதான் அந்த விசையின் ஊற்று.

‘டிராகன் பால்’ மாங்கா 1995இல் 519 அத்தியாயங்களோடு நிறைவுற்றது. அதன் கடைசிக் களமும் ஒரு தென்காய்ச்சி புதோகாய்தான், 28ஆவது. கோக்கு இப்போது தாத்தா. முன்பு கொடிய அரக்கனாக இருந்து மறுபிறவி எடுத்த ஊப் என்ற சிறுவன், வறுமைப்பட்ட தன் ஊருக்குப் பணம் வேண்டிப் போட்டிக்கு வருகிறான். நாமு வந்த அதே வழி. அவன் தன்னோடே மோத வேண்டும் என்பதற்காக, இம்முறை குலுக்கலை மந்திரத்தால் மாற்றச் சொல்பவன் கோக்குவேதான். மேடையில் அவனை வேண்டுமென்றே சீண்டிக் கோபமூட்டி, உள்ளே இருக்கும் வலிமையை ஒருமுறை கண்டுகொள்கிறான். பிறகு ஆட்டத்தைப் பாதியில் நிறுத்துகிறான். உன் ஊருக்கே வந்து தங்கிச் சொல்லித்தருகிறேன் என்கிறான். முடிவு அறிவிக்கப்படாத மேடையை விட்டு, பறக்கத் தெரியாத சிறுவனை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கீழே குடும்பத்தாரும் நண்பர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த ஆட்டத்தில் வென்றது யார் என்பதை எவரும் கேட்கவில்லை.